எட்டு மணித்தியாலம் என்று எழுதிய பக்கம்: மலையகத் தொண்டர் குழு ஒன்றின் ஆட்சேர்ப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

நோர்வூட்டுக்கு அப்பால், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் ஒரு தொண்டர் குழுவைப் பற்றியது இந்தப் பதிவு. ஒரு வருட இடைவெளியில் அவர்கள் இரண்டு முறை தொண்டர்களுக்கு அழைப்பு விடுத்தார்கள். முதல் அழைப்புக்கு ஆட்கள் திரண்டு வந்து கலைந்து போனார்கள். இரண்டாவதுக்குக் கொஞ்சப் பேர் வந்தார்கள், பெரும்பாலும் நின்றார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. அவர்களின் கொப்பிகளையும் விண்ணப்பப் படிவங்களையும் பார்த்து, ஒருங்கிணைப்பாளரிடமும் தொண்டர்கள் சிலரிடமும் பேசி இதை எழுதுகிறேன். குழுவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

குழுவைத் தொடங்கியவர் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை. தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதமும் ஆங்கிலமும், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. காலையில் வைத்தால் வசதியுள்ள பிள்ளைகள் நகரத்து டியூசனுக்குப் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அறநெறிக்கும் உரியது. ஆகவே மிஞ்சியது அந்த இரண்டு மணித்தியாலம்தான். இடம், இரு பிரிவுகளிலும் உள்ள பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பகலில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டடத்தைச் சனிக்கிழமைப் பிற்பகலில் பயன்படுத்தத் தோட்ட நிர்வாகம் அனுமதி தந்திருந்தது.

ஒரு பெப்ரவரியில் முதல் அழைப்பு போனது. ஒரே ஒரு படம். தேயிலை மலைக்கு மேல் அந்தி வெயில், முன்னால் சிரிக்கும் பிள்ளைகள், பெரிய எழுத்தில் “வாரத்தில் இரண்டு மணித்தியாலம் போதும், ஒரு தலைமுறையை மாற்றலாம்.” கீழே ஒரு தொலைபேசி இலக்கம். என்ன வேலை, எந்தத் தோட்டம், எத்தனை மாதம் என்று ஒன்றும் இல்லை. அது முகநூலில் நன்றாகப் பரவியது. 43 பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை 19 பேர் வந்தார்கள். அன்று பிள்ளைகளைவிடத் தொண்டர்களே அதிகம் என்று ஒருவர் சொன்னார். அது மிகைதான், ஆனாலும் பெருமிகை அல்ல.

கவனிக்கப்பட்டது

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. ஜூன் முடிவதற்குள் தவறாமல் வருபவர்கள் ஆறு பேராகச் சுருங்கினார்கள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மேல் பிரிவுக்குப் போக வேண்டிய மூவரில் ஒருவரும் போகவில்லை. மற்ற இருவர் போவார்கள் என்று மூவருமே நினைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்த அம்மா கதவைத் திறந்து வைத்துவிட்டு மூன்று மணி வரை காத்திருந்தார். அடுத்த வாரம் ஆசிரியை தானே போனபோது வந்திருந்தது நான்கு பிள்ளைகள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, “சேர்மார் வந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறோம்” என்று ஒரு தாய் பதில் சொன்னாராம். அந்தப் பிரிவில் வகுப்பு நிறுத்தப்பட்டது.

விலகியவர்களை ஆசிரியை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மன்னிப்பும் சாக்கும்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். “நாங்கள் முதலிலேயே சொல்லாமல் விட்டது எது?” என்று கேட்டார். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். பதில்கள் தாராளமாக வந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி அவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்து கணக்குத் தயார் செய்ய வேண்டும் என்று தெரியாது. இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் செய்தி வரும் என்று தெரியாது. ஆறு மணிக்குப் பின் வீட்டுக்கு வந்தால் அப்பா ஏசுவார். பெண் பிள்ளை ஒருத்தி சற்றுத் தயங்கிச் சொன்னது: அங்கே கழிவறைக்கு எங்கே போவது என்று யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை.

எஞ்சிய ஆறு பேரையும் பார்த்தால் இன்னொன்று புலப்பட்டது. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஹட்டன் நகரத்தவர்கள். நின்றவர்களில் நான்கு பேர் அதே தோட்டத்தையோ பக்கத்துத் தோட்டத்தையோ சேர்ந்தவர்கள், நடந்து வரக்கூடியவர்கள். ஆர்வத்தைவிடத் தூரமே தீர்மானித்திருக்கிறது. இதை அதுவரை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

நேரத்தை அளந்தது

அடுத்த அழைப்பில் எத்தனை மணித்தியாலம் என்று போடுவது? குழுவில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். ஆசிரியை ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு போட்டு, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைகளில் ஆறு பேரையும் நேரம் எழுதச் சொன்னார். வீட்டை விட்டுப் புறப்பட்டது, பஸ் ஏறியது, இறங்கியது, பிள்ளை மடுவத்துக்குச் சேர்ந்தது, வகுப்பு முடிந்தது, வீடு சேர்ந்தது. வாரநாளில் தயாரிப்புக்குச் செலவான நேரம் தனி நிரல். தொலைபேசிக்கு இன்னொரு நிரல்.

ஹட்டனிலிருந்து வருபவரின் ஒரு சனிக்கிழமை அந்தக் கொப்பியில் இப்படி இருக்கிறது. 12.15க்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார். 12.40க்குப் பஸ் கிடைக்கிறது. 1.25க்கு இறங்கி நடக்கத் தொடங்கி இரண்டு மணிக்குச் சேர்கிறார். நான்கு மணிக்கு வகுப்பு முடிகிறது. வரவு எழுதி, வாங்குகளை ஒதுக்கி, சாவியைக் கொடுத்துவிட்டு 4.15க்குக் கீழே இறங்குகிறார். 4.40க்கு வீதி. ஐந்து மணிக்குப் பஸ். வீடு சேரும்போது ஆறு. ஆக, இரண்டு மணித்தியால வகுப்புக்கு வாசலிலிருந்து வாசல் வரை ஐந்தே முக்கால் மணித்தியாலம். பயிற்சித்தாள் தயாரிக்கவும் திருத்தவும் ஒன்றரை மணித்தியாலம், தொலைபேசிக்கு அரை மணித்தியாலம். கூட்டினால் ஏழே முக்கால்.

தோட்டத்திலேயே இருப்பவருக்கு நடை போகவர அரை மணித்தியாலம். வகுப்பு, ஒதுக்கல், தயாரிப்பு, தொலைபேசி எல்லாம் சேர்த்து நாலே முக்கால்.

இரண்டையும் கூட்டிச் சராசரியாக ஆறு என்று போடலாம் என ஒருவர் சொன்னார். அது மறுக்கப்பட்டது. சராசரி தூரத்தில் ஒருவரும் குடியிருக்கவில்லை. ஆறு என்ற எண் நகரத்தவரை ஏமாற்றும், தோட்டத்தவரை வீணாக மிரட்டும். ஆகவே இரண்டு எண்களையும் போடுவது, இரண்டையும் மேல்நோக்கி முழுமையாக்குவது என்று முடிவாயிற்று: நடந்து வருபவருக்கு ஐந்து, ஹட்டனிலிருந்து வருபவருக்கு எட்டு.

குழுவின் இளையவர் ஒருவர் தலையில் கைவைத்தார். “எட்டு என்று போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள், டீச்சர்.” ஆசிரியையின் பதில்: “வராவிட்டால் ஒரு பிரிவோடு நிற்போம். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆள் இல்லாமல் இருப்பதைவிட அது மேல்.”

பொறுப்புகளைப் பிரித்தது

முதல் அழைப்பில் “தொண்டர்” என்ற ஒரே பொறுப்புதான் இருந்தது. அதனால் எல்லாருக்கும் எல்லா வேலையும் சொந்தம். யாருக்கும் எந்த வேலையும் கடமை இல்லை. ஜூலைச் சனிக்கிழமை நடந்தது அதன் விளைவுதான். கொப்பியின் நிரல்களைப் பார்த்தபோது, அங்கே நான்கு வேறு வேலைகள் கலந்து கிடந்தது தெரிந்தது.

முதலாவது வகுப்பு எடுப்பவர்: ஐந்து அல்லது எட்டு மணித்தியாலம், பாடத்தில் உயர்தரம் படித்திருக்க வேண்டும். இரண்டாவது பிரிவுத் துணையாளர். அவர் அந்தப் பிரிவிலேயே வசிக்க வேண்டும். கதவு திறப்பது, வரவு எழுதுவது, இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது அவர் வேலை. வாரம் மூன்று மணித்தியாலம், படிப்புத் தகைமை எதுவும் வேண்டாம். மூன்றாவது பயிற்சித்தாள் தயாரிப்பவர். வீட்டிலிருந்தபடியே வாரம் மூன்று மணித்தியாலம். கொழும்பில் வேலைக்குப் போன மலையகத்து இளைஞர்களை மனதில் வைத்து இது அமைக்கப்பட்டது. நான்காவது கணக்கும் அனுமதியும் பார்ப்பவர்: வாரம் இரண்டு மணித்தியாலம். அதோடு மாதம் ஒரு முறை வேலை நாள் காலையில் தோட்டக் காரியாலயத்துக்குப் போகவேண்டும்.

துணையாளர் பொறுப்பே இந்தப் பிரிப்பில் மிகவும் பயன்பட்டது என்பது என் கணிப்பு. அதுவரை தோட்டத்து மக்கள் உதவி பெறுபவர்களாக மட்டுமே அழைப்பில் இருந்தார்கள். இப்போது அழைக்கப்படுபவர்களாகவும் ஆனார்கள்.

படத்தொடரின் ஏழு பக்கங்கள்

விரலால் தள்ளிப் பார்க்கும் கரோசல் வடிவம் தெரிவு செய்யப்பட்டது, இவ்வளவு விடயத்தையும் ஒரு படத்தில் திணிக்க முடியாது என்பதால். இன்ஸ்டகிராம் ஒரு பதிவில் 20 படங்கள் வரை ஏற்கும். குழு ஏழோடு நிறுத்திக்கொண்டது. ஒவ்வொன்றும் 1080க்கு 1350 அளவு, ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நாற்பது சொற்களுக்கு மேல் இல்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நாற்பதைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்க நேரும், விலை குறைந்த தொலைபேசித் திரையில் கொம்பும் காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதல் பக்கத்தில் சுலோகம் இல்லை. “சனிக்கிழமை பிற்பகலில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கவும், வகுப்பை நடத்தவும் 10 பேர் தேவை. வாரம் 2 முதல் 8 மணித்தியாலம், பொறுப்பையும் நீங்கள் வசிக்கும் இடத்தையும் பொறுத்து. ஜனவரி முதல் ஜூலை வரை.” எட்டு என்ற எண்ணை முதல் பக்கத்திலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. முகநூலில் பல படங்கள் போட்டால் சிலவற்றை மட்டும் அடுக்கிக் காட்டி மீதியை ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுகிறது. அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் உண்மையைப் பலர் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாம் பக்கம் நான்கு பொறுப்புகளும் அவற்றின் மணித்தியாலங்களும். மூன்றாம் பக்கம் கொப்பியில் இருந்த அந்தச் சனிக்கிழமை, 12.15 முதல் 6.00 வரை, வரிக்கு வரி. நான்காம் பக்கம் தருவதும் தராததும்: சம்பளம் இல்லை; பஸ் கட்டணம் டிக்கெட்டைக் காட்டினால் மாத முடிவில் கிடைக்கும்; ஓட்டோக் கட்டணம் கிடையாது; தேநீர் உண்டு, பகல் சாப்பாடு இல்லை; சான்றிதழ் ஆறு மாதம் முடித்தவர்களுக்கு மட்டும்; மழை மாதங்களில் பாதையில் அட்டை கடிக்கும்; மேலே தொலைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

ஐந்தாம் பக்கம் பாதுகாப்பு. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் வேண்டும். ஒரு தொண்டர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது, எப்போதும் இருவர். பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடக்கூடாது. முறைப்பாடு இருந்தால் குழுவுக்குச் சொல்லலாம், சொல்ல விரும்பாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். இந்த விதியோடு முரண்படும் என்பதால் முதல் அழைப்பில் இருந்த சிரிக்கும் பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். பதிலுக்கு அந்த ஏற்றப் பாதையின் படம் வந்தது, மழை நாளில் எடுத்தது.

ஆறாம் பக்கத்தின் தலைப்பு “இப்போது வரவேண்டாம் என்று நாங்கள் சொல்பவர்கள்”. சனிக்கிழமை வேலை உள்ளவர்கள், ஜூலைக்கு முன் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போக ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்கள், சான்றிதழ் மட்டும் தேவைப்படுபவர்கள். அதன் கீழே, இரண்டு மாதம்தான் முடியும் என்றால் பயிற்சித்தாள் பொறுப்பைக் கேளுங்கள் என்று ஒரு வரி. கடைசிப் பக்கம் விண்ணப்பிக்கும் முறை, முடிவுத் திகதி, விலகும் முறை: “நிறுத்த விரும்பினால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். காரணம் கேட்கமாட்டோம்.”

கழிவறை பற்றிய விவாதம்

நான்காம் பக்கத்தின் முதல் வரைவில் “பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை” என்ற வரி இருந்தது. உண்மைதான். பிள்ளை மடுவத்துக் கழிவறை குழந்தைகளுக்கானது, அதுவும் சனிக்கிழமை பூட்டியிருக்கும். விலகிய பெண் சொன்ன குறையை மறைக்கக் கூடாது என்றே அதை எழுதினார்கள். வெளியிடும் முன் வரைவைப் பிரிவில் உள்ள தாய்மார் சிலரிடம் காட்டினார்கள். சாவி வைத்திருக்கும் அம்மா அந்த வரியில் விரலை வைத்தார். “இதை ஊரெல்லாம் பார்க்கும். எங்கள் லயத்தில் கக்கூசு கூட இல்லை என்றுதான் பேசுவார்கள். என் வீட்டில் இருக்கிறது, வந்து போகச் சொல்லுங்கள், மகள்.”

வரி மாறியது: “பெண் தொண்டர்கள் பயன்படுத்த, வகுப்புக்கு அருகில் ஒரு வீட்டில் கழிவறை ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.” இங்கே நடந்தது சொல்லைப் பூசி மெழுகுவது அல்ல, ஏற்பாடே மாறியது. வரைவை அந்த அம்மாவிடம் காட்டியிராவிட்டால் அந்த ஏற்பாடு கிடைத்திருக்காது. தொண்டருக்கு நேர்மையாக இருக்கிறோம் என்று தோட்டத்து மக்களின் வீட்டு நிலைமையை விளம்பரப்படுத்துவது எளிதில் நேரக்கூடிய தவறு. அதன் பின் குழு எல்லாப் பக்கங்களையும் அந்தக் கண்ணோடு திரும்பப் படித்தது. “வறிய”, “கைவிடப்பட்ட” என்ற சொற்கள் இரண்டு இடங்களில் இருந்தன, எடுக்கப்பட்டன.

வெளியிட்ட பின்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள் வீட்டில் இருக்கும் காலமாகப் பார்த்து ஜனவரி முதல் வாரத்தில் பதிவு போனது. முதல் நாளே ஒரு சில்லறைத் தொல்லை. பதிவின் கீழே போடவேண்டிய விளக்கத்தை ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். கணினியில் தமிழாகத் தெரிந்தது, ஒட்டியதும் `jkpo;` என்ற மாதிரி ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. யூனிகோடுக்கு மாற்றிப் போட்டார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது, தேடினாலும் பெரும்பாலும் அகப்படாது. ஆகவே ஏழு பக்கங்களின் சாரமும் விளக்கத்தில் எழுத்தாக இருக்கவேண்டியிருந்தது.

பெரிய சிக்கல் வட்ஸ்அப்பில் வந்தது. ஏழு படங்களும் சேர்ந்து பயணிக்கவில்லை. டேட்டா மிச்சம் பிடிப்பவர்களும், தனக்குப் பிடித்ததை மட்டும் அனுப்புபவர்களுமாக ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று பிரித்து அனுப்பினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாய்க்கு ஐந்தாம் பக்கம் மட்டும் கிடைத்தது. இது யார் போட்டது, எங்கே நடக்கிறது என்று அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பற்றி ஏதோ முறைப்பாடு நடந்துவிட்டது, அதற்கான அறிவித்தல் என்று அவர் நினைத்துவிட்டார். அது ஆசிரியையின் காதுக்கு எட்ட இரண்டு நாள் ஆனது. ஏழு பக்கங்களின் அடியிலும் குழுவின் பெயர், “5/7” போன்ற பக்க எண், முடிவுத் திகதி, தொடர்பு இலக்கம் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். வட்ஸ்அப்பில் போகும் எந்தப் பக்கமும் அநாதையாகத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

அதே ஐந்தாம் பக்கம் இன்னொரு வேலையும் செய்தது. விண்ணப்பித்த பெண்களில் மூவர், அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டித்தான் அனுமதி வாங்கியதாகச் சொன்னார்கள். மலையகத்தில் பத்தொன்பது வயதுப் பெண் தொண்டராவது பெரும்பாலும் வீட்டின் முடிவு. அந்த வாசகரை மனதில் வைத்து எழுதாத பக்கமே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வந்தவர்களும் வராதவர்களும்

விண்ணப்பித்தவர்கள் 14 பேர். முன்பு 43. ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினார்கள், முதல் கேள்வி “எந்தப் பக்கம் உங்களுக்கு யோசனையாக இருந்தது?” என்பது. ஒன்றும் இல்லை என்று சொன்ன இருவர் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது. அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி அழைக்கச் சொன்னார்கள். ஒருவர் அழைத்தார். இரண்டு சனிக்கிழமை கூட வந்து பார்த்தபின் ஒன்பது பேர் பொறுப்பேற்றார்கள். பழைய ஆறு பேரோடு சேர்ந்து மேல் பிரிவின் கதவு மறுபடி திறந்தது. ஜூலை முடிவில், பருவமழையின் கடுமையான வாரங்களைத் தாண்டி, ஒன்பதில் ஏழு பேர் இருந்தார்கள். விலகிய இருவரும் இரண்டு வார முன்னறிவித்தல் கொடுத்தார்கள். அதனால் ஒரு சனிக்கிழமையும் ஆளில்லாமல் போகவில்லை.

இழப்பும் இருந்தது, அதையும் பதிய வேண்டும். எட்டு என்ற எண் நகரத்தவர்களை வடிகட்டியது. ஒன்பதில் ஹட்டனிலிருந்து வருபவர்கள் இரண்டே பேர். ஆங்கிலம் எடுக்கக்கூடியவர்கள் முன்பு பெரும்பாலும் நகரத்திலிருந்தே வந்தார்கள். ஆங்கில வகுப்பு ஒரு பிரிவில் மட்டும் நடந்தது. மேல் பிரிவுப் பிள்ளைகள் கணிதத்தோடு திருப்திப்பட வேண்டியிருந்தது.

கணக்கு, அனுமதிப் பொறுப்புக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. காரணம் எளிது. வேலை நாள் காலையில் ஓய்வாக இருக்கும் இளைஞர் தொழில் தேடிக்கொண்டிருப்பவர். அவர் அடுத்தவர் பணத்துக்குக் கணக்குக் காட்ட விரும்பமாட்டார். பொறுப்பைப் பிழையாக வெட்டியிருக்கிறோம் என்று இதைக் குழு சரியாகவே எடுத்துக்கொண்டது. பஸ் கட்டணக் கணக்கைப் பயிற்சித்தாள் தயாரிப்பவர்களில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். தோட்டக் காரியாலயத்துக்குப் போக, அங்கேயே எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அவர் அன்றே சம்மதித்தார். அவரிடம் இன்ஸ்டகிராம் இல்லை.

இந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்

எல்லாவற்றையும் படத்தொடரின் கணக்கில் எழுத முடியாது. இரண்டாம் முறை பத்து நிமிடப் பேச்சும் இரண்டு வார முன்னோட்டமும் இருந்தன, காலமும் வசதியானது. எனினும் போக்கு புதியது அல்ல. வேலையின் கஷ்டத்தையும் சேர்த்துக் காட்டி ஆட்சேர்ப்புச் செய்வது பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜோன் வானூஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி இயக்குநர் வேலைக்கு வந்தவர்களில் உண்மைப் படத்தைப் பார்த்தவர்கள் வேலையை விட்டுவிட நினைப்பது குறைவாக இருந்தது. ஆனால் அங்கே உண்மையைக் கேட்டு வேலையை மறுத்தவர்கள் கூடவில்லை. இங்கே விண்ணப்பமே மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. சம்பள வேலைக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு அது என்று நினைக்கிறேன்: சம்பளம் தேவைப்படுபவர் கஷ்டத்தைக் கேட்டும் வருவார், தொண்டர் வேறு நல்ல காரியத்தைத் தேடிப் போய்விடலாம்.

அடுத்த முறை மாற்றப்படுவது

தொலைபேசிக்கு வாரம் அரை மணித்தியாலம் என்று எழுதியது பொய்த்தது. தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகளும் தாய்மாரும் கேள்விகளோடு அழைத்தார்கள். ஒருவரின் கொப்பியில் அது ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அளந்த எண் பரீட்சைக் காலத்துக்குப் பொருந்தவில்லை. அடுத்த படத்தொடரில் சாதாரண வாரம், பரீட்சை வாரம் என்று இரண்டு நிரல்கள் வரும். இரவு எட்டு மணிக்குப் பின் வந்த செய்திக்கு மறுநாள் பதில் சொன்னால் போதும் என்ற விதியும் வரும். நேரக் கொப்பியை ஒவ்வொரு தவணையிலும் ஒரு மாதம் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மழைக்கு விதி இல்லாமல் இருந்ததும் குறை. ஜூனில் ஒரு நாள் பாதையில் மண்சரிந்து கிடந்தது தெரியாமல் ஹட்டனிலிருந்து வந்தவர் பாதி வழியில் திரும்பினார். இனிச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரிவுத் துணையாளர் பாதையின் நிலையைச் சொல்வார், அவர் சொல்வதே முடிவு. இது மூன்றாம் பக்கத்தின் முதல் வரியாக, 12.15க்கு மேலே இடம்பெறும்.

மேல் பிரிவின் ஆங்கில வகுப்புக்கு இன்னும் ஆள் இல்லை. ஹட்டனிலிருந்து வருபவருக்கு ஓட்டோக் கட்டணம் கொடுத்தால் எட்டு மணித்தியாலம் ஏழாகக் குறையும். ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதில் குழு இரண்டுபட்டிருக்கிறது. தீர்மானம் எடுக்கும் வரை, இரண்டாம் பக்கத்தில் எட்டு என்றே இருக்கும்.